எதிரே இருப்பவருக்கு ஒரு வணக்கம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில் அலபாமா என்னும் மாநிலம் ஒன்று உண்டு. அம்மாநிலத்தின் அரசுப் பள்ளிகளில் யோகாசனம் கற்பிப்பதற்கு 1993-ஆம் ஆண்டு முதல் தடை இருந்து வந்தது. 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் கையெழுத்தான ஒரு சட்டம் அத்தடையை நீக்கிற்று. ஆனால், நீக்கும்போதே சில வேலிகளையும் அது போட்டது. ஆசனங்களை ஆங்கிலப் பெயராலேயே சொல்ல வேண்டும், பெற்றோர் கையெழுத்திட்டு இசைவு தர வேண்டும், மந்திரம் ஓதலாகாது, முத்திரைகள் பிடிக்கலாகாது. இவற்றோடு, "நமஸ்தே" என்று வணக்கம் சொல்லவும் ஆகாது. இரண்டு பேர் சந்திக்கும்போது சொல்லிக்கொள்ளும் ஒரு சிறு சொல், கடல் கடந்த ஒரு நாட்டின் சட்டத்தில் பெயர் குறித்து விலக்கப்பட்டிருக்கிறது!

அச்சொல்லுக்கும் யோகாசனத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவில் நடக்கும் யோக வகுப்பு ஒன்றில், பிறர் செய்வதைப் பார்த்துச் செய்துகொண்டு, கடைசி வரிசையில் நானும் ஒருமுறை அமர்ந்திருக்கிறேன். ஆசனங்கள் எல்லாம் முடிந்த பிறகு சவாசனத்தில் ஐந்து அல்லது பத்து நிமிடம் அசையாமல் படுத்திருப்பார்கள். பின்னர் வலப்புறமாக ஒருக்களித்து, மெல்ல எழுந்து, சம்மணமிட்டு அமர்வார்கள். உள்ளங்கைகள் இரண்டும் சேர்ந்து மார்பின் நடுவே வரும். கட்டைவிரல்கள் மார்பெலும்பைத் தொடும். ஆசிரியர் தலை தாழ்த்தி "நமஸ்தே" என்பார். வகுப்பிலுள்ளோர் அனைவரும் தலை தாழ்த்தி "நமஸ்தே" என்பர். அதன் பொருளைச் சில ஆசிரியர்கள் விளக்கவும் செய்வார்கள்: "என்னுள் இருக்கும் ஒளி உங்களுள் இருக்கும் ஒளியைப் போற்றுகிறது" என்பது அவ்விளக்கம். அதைக் கேட்போர் பலரும் இந்த வழக்கம் யோகத்தைப் போலவே பல்லாயிரம் ஆண்டுப் பழமை உடையது என்று எண்ணிக்கொள்கின்றனர்.

அவ்வெண்ணம் எந்த அளவுக்குச் சரி? சொல் பழையது, கைகூப்புதலும் பழையது. ஆனால், யார் யாருக்கு அதைச் செய்வது என்பது மட்டும் காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. இன்று நான் சொல்ல விரும்புவது அந்த மாற்றத்தின் வரலாற்றைத்தான்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். "நமஸ்" என்பது "நம்" என்னும் வடமொழி வேரிலிருந்து பிறந்தது. வளைதல், குனிதல் என்பது அவ்வேரின் பொருள். நம் மொழியிலும் "வணங்கு" என்னும் சொல்லுக்கு வளைதல் என்ற பொருள் உண்டு. வணக்கம் என்பது உடம்பின் வளைவைக் குறித்தே பிறந்தது என்பதில் இரு மொழிகளும் ஒத்திருக்கின்றன. அடுத்து நிற்பது "தே". "உனக்கு" என்று நான்காம் வேற்றுமையில் வரும் சிறு சொல் அது. "நமஸ்" என்னும் சொல்லோடு சேரும் பெயர் நான்காம் வேற்றுமை ஏற்கும் என்று பாணினி முனிவர் விதி வகுத்திருக்கிறார். ஆக, "நமஸ்தே" என்றால் "உனக்கு வணக்கம்" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஒளி என்ற சொல்லும் அதில் இல்லை. உள்ளம் என்ற சொல்லும் இல்லை.

இங்கே இலக்கணம் பயிலும் மாணவர்கள் கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. "தே" என்பது ஒருமை. பலரை நோக்கிச் சொல்வதானால் வடமொழியில் "நமோ வ:" என்றே சொல்ல வேண்டும். முப்பது பேர் கொண்ட வகுப்பைப் பார்த்து ஆசிரியர் "நமஸ்தே" என்றால், இலக்கணப்படி அவர் கூட்டத்துக்கு வணக்கம் சொல்லவில்லை. ஒவ்வொருவரிடமும் தனித்தனியே "உனக்கு" என்று சொல்கிறார். அவர் அதை அறிந்து சொல்கிறாரா என்பது வேறு. அன்றியும் "தே" என்பதில் மரியாதைப் பன்மை இல்லை. பெரியவர்களைக் குறிக்க வடமொழியில் "பவான்" என்ற சொல் தனியே இருக்க, இச்சொல் "நீ" என்றே நேராக அழைக்கிறது. கடவுளையும் "நீ" என்றே அழைக்கும் பழக்கம் நமக்கும் உண்டு அல்லவா? உருத்திரனைப் போற்றும் யசுர் வேதப் பகுதி இச்சொல்லோடுதான் தொடங்குகிறது.

தெய்வத்துக்குச் சொல்லப்பட்ட அந்தச் சொல் மனிதனுக்கும் சொல்லப்பட்டதா? சொல்லப்பட்டது. அதற்கு நான் காட்டும் சான்று கடோபநிடதம்.

நசிகேதன் என்னும் சிறுவனின் தந்தை ஒரு வேள்வி செய்து, தம் உடைமைகளைத் தானமாகக் கொடுக்கிறார். கொடுக்கப்பட்ட பசுக்களோ தண்ணீரும் புல்லும் தின்று தீர்ந்து, பாலும் வற்றிப்போன கிழப் பசுக்கள். அதைக் கண்டு மனம் பொறாத மகன், "என்னை யாருக்குக் கொடுப்பீர்கள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். சினம் கொண்ட தந்தை "உன்னை எமனுக்குக் கொடுத்தேன்" என்று சொல்லிவிடுகிறார். சிறுவன் எமன் வீட்டுக்கே போகிறான். எமன் அங்கே இல்லை. மூன்று இரவுகள் உணவின்றி வாயிலில் காத்திருக்கிறான். திரும்பி வந்த எமனிடம், பசித்திருக்கும் விருந்தாளி நெருப்புக்கு ஒப்பானவன், உடனே தண்ணீர் கொண்டு வந்து அவனைத் தணிவியுங்கள் என்று வீட்டார் கூறுகின்றனர். அப்போது எமன் அச்சிறுவன் முன் வந்து "நமஸ்தே" என்கிறான். என் வீட்டில் மூன்று இரவு பட்டினி கிடந்தாய், அதனால் எனக்குத் தீங்கு வராதிருக்கட்டும், இரவுக்கு ஒன்றாக மூன்று வரம் கேள் என்கிறான்.

இக்காட்சியில் பெரியவன் யார், சிறியவன் யார்? உயிரைக் கவரும் தேவன், ஒரு பையனுக்கு வணக்கம் சொல்கிறான். அன்பினால் அன்று, தான் செய்த பிழைக்கு வருந்தி, எதிரே நிற்பவனுக்குரிய மதிப்பைத் திருப்பிக் கொடுக்கிறான். ஆனால், வரலாறு படிப்போர் ஒன்றை மறைத்துவிடக் கூடாது. எமன் அவனை "பிராமணனே" என்று விளித்தே வணக்கம் சொல்கிறான். விருந்தாளி என்பதும் அந்தணன் என்பதும் ஆகிய இரண்டு தகுதிகள் அச்சிறுவனுக்கு இருந்தன. ஒரு குயவர் வீட்டுப் பிள்ளை அங்கே காத்திருந்தால் எமன் என்ன சொல்லியிருப்பான் என்பதற்கு உபநிடதத்தில் விடை இல்லை.

இனிக் கைகளுக்கு வருவோம். சொல்லைப் போலவே அஞ்சலியும் பழமையானது. கிறித்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பார்கூத் சிற்பங்களில் கைகூப்பி நிற்கும் அடியவர்களை இன்றும் காணலாம். ஆனால், கூப்பிய கை எங்கே நிற்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லும் நூல் பரதரின் நாட்டிய சாத்திரம். பதாகை முத்திரை பிடித்த இரு கைகளைச் சேர்த்தால் அஞ்சலி. அக்கைகள் தலைமேல் நின்றால் அது தெய்வத்துக்கு; முகத்துக்கு நேரே நின்றால் குருவுக்கு; மார்பில் நின்றால் நண்பருக்கு. நாட்டியம் பயிலும் மாணவிகள் இதை எளிதில் நினைவு கூர்வர். வணக்கத்துக்கு ஓர் அளவுகோல் இருந்தது; கை எவ்வளவு உயர்கிறதோ, எதிரே இருப்பவர் அவ்வளவு உயர்ந்தவர். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், யோக வகுப்பின் முடிவில் மார்பில் நிற்கும் கை, தெய்வத்துக்கும் குருவுக்கும் உரியதன்று. அது தோழருக்கு உரியது.

நாடக மேடையில் இப்படி மூன்று படி என்றால், சமுதாயத்தில் படிகள் இன்னும் மிகுதி. மனு தர்ம நூலின் இரண்டாம் அத்தியாயத்தில் வணக்க முறை விரிவாக வகுக்கப்பட்டிருக்கிறது. இளையவன் மூத்தவரை வணங்கித் தன் பெயரைச் சொல்ல வேண்டும். மூத்தவர் திரும்ப வணங்குவதில்லை. "நெடுநாள் வாழ்வாயாக" என்று வாழ்த்துவார். நலம் விசாரிக்கும்போதும் வருணத்துக்கு ஒரு சொல்: அந்தணனிடம் "குசலமா?" என்றும், அரச குலத்தானிடம் "அநாமயமா?" என்றும், வணிகனிடம் "க்ஷேமமா?" என்றும், நான்காம் வருணத்தானிடம் "ஆரோக்கியமா?" என்றும் கேட்க வேண்டும். நான்குக்கும் ஏறத்தாழ நலமா என்பதே பொருள். ஆயினும் எவனிடம் எதைக் கேட்கிறோம் என்பதில் அவன் பிறப்பு வெளிப்பட்டுவிடும். இதைப் பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். நம் ஊர்களில் தோளிலிருந்த துண்டை இடுப்புக்கு இறக்கி, "கும்பிடுறேன் சாமி" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் திண்ணையில் இருந்தபடியே தலையை மட்டும் அசைத்த காட்சியைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். வணக்கம் அங்கே ஒரு வழிப் பாதை. கீழிருந்து மேலே போகும். மேலிருந்து கீழே வருவது வாழ்த்தாக இருக்கலாம், தலையசைப்பாக இருக்கலாம், வணக்கமாக மட்டும் இராது.

அந்தப் பாதையை இரு வழியாக்க முயன்றவர்களுள் தயானந்த சரசுவதி குறிப்பிடத்தக்கவர். 1824-இல் கத்தியவார்ப் பகுதியில் பிறந்து துறவியான அவர், 1875-இல் பம்பாயில் ஆரிய சமாசத்தை நிறுவினார். அக்காலத்து வட நாட்டில் "ராம் ராம்" என்றும் வேறு பலவாறும் மக்கள் வணங்கிக்கொண்டனர். ஆரிய சமாசத்தார் அவற்றை விடுத்து, எல்லாரும் எல்லாருக்கும் "நமஸ்தே" என்றே சொல்ல வேண்டும் என்றனர். வேதத்தில் உள்ள சொல் என்பது ஒரு காரணம். சாதிக்கும் வயதுக்கும் ஏற்ப மாறாத சொல் என்பது மற்றொன்று. தயானந்தர் தம் "சத்தியார்த்தப் பிரகாசம்" என்னும் நூலில் கணவனும் மனைவியும் சந்திக்கும்போதும் பிரியும்போதும் ஒருவருக்கொருவர் அன்போடு "நமஸ்தே" சொல்லிக்கொள்ள வேண்டும் என்று எழுதுகிறார். அக்காலத்தில் இது சிறிய செய்தியன்று. மனைவி கணவனின் காலைத் தொடுவதுதான் வழக்கம். கணவன் மனைவிக்கு வணக்கம் சொல்வதா என்று வியந்தோர் பலர் இருந்திருப்பர். வகுப்பு முடிந்து பிரியும்போது "நமஸ்தே" சொல்வது தவறு, அது சந்திக்கும்போது சொல்வது என்று நம்மவர் சிலர் அமெரிக்கரைக் கேலி செய்வதுண்டு. தயானந்தர் பிரியும்போதும் சொல்லச் சொன்னார் என்பதை அவர்கள் அறிந்துகொள்வது நல்லது. அச்சொல் வட நாடெங்கும் பொது வணக்கமாகப் பரவியதில் ஆரிய சமாசத்தின் பங்கு பெரிது. நம் பக்கத்தில் "நமஸ்காரம்" போய் "வணக்கம்" எல்லார்க்கும் பொதுவானதும் இருபதாம் நூற்றாண்டு மாற்றமே.

நிற்க. யோக வகுப்புக்குள் இச்சொல் எப்படிப் புகுந்தது?

பதஞ்சலியின் சூத்திரங்களில் இவ்வழக்கம் இல்லை. பதினைந்து ஆசனங்களை விவரிக்கும் அடயோகப் பிரதீபிகையில், சவாசனம் இருக்கிறது. அதன் பின் கைகூப்பி விடைபெறும் முறை இல்லை. அந்நூல் வணக்கத்தோடு தொடங்கத்தான் செய்கிறது. ஆனால் அது ஆதிநாதனாகிய சிவனுக்குச் செலுத்தும் வணக்கம். இருபதாம் நூற்றாண்டில் மைசூர் அரண்மனையில் யோகசாலை நடத்திப் பின்னர்ச் சென்னையில் வாழ்ந்த கிருஷ்ணமாச்சாரியாரின் மாணவர்கள் உலகெங்கும் யோகாசனத்தைக் கொண்டு சென்றனர். அவர்களுள் ஐயங்காரின் வகுப்பு பதஞ்சலி வணக்கத்தோடு தொடங்குவது. பட்டாபி ஜோயிஸின் வகுப்பு குருமாரின் திருவடி வணக்கத்தோடு தொடங்குவது. இவையெல்லாம் மேல்நோக்கிய வணக்கங்கள். மாணவன் ஆசிரியரையும், ஆசிரியர் தம் ஆசிரியரையும், அவர் பதஞ்சலியையும் நோக்கி நிற்கின்றனர். ஆசிரியர் மாணவனை நோக்கித் தலை தாழ்த்தும் இடம் இந்த வரிசையில் இல்லை.

அந்த இடம் அமெரிக்க மண்ணில் உண்டாயிற்று. கிருஷ்ணமாச்சாரியாரின் மாணவியான இந்திரா தேவி 1940-களின் இறுதியில் ஹாலிவுட்டில் யோகப் பள்ளி திறந்தார். 1965-இல் அந்நாட்டுக் குடியேற்றச் சட்டம் தளர்ந்தபின் இந்திய ஆசிரியர் பலர் அங்கே சென்றனர். அதே காலத்தில் அங்கிருந்து இங்கே வந்தவர்களும் உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உளநூல் கற்பித்து, 1963-இல் அப்பதவியிலிருந்து நீக்கப்பட்ட ரிச்சர்டு ஆல்பர்ட் என்பவர் 1967-இல் இந்தியாவுக்கு வந்தார். இமயமலை அடிவாரத்தில் நீம் கரோலி பாபா என்னும் அனுமன் பக்தரைச் சந்தித்து, ராம் தாஸ் என்று பெயர் பெற்றுத் திரும்பினார். 1971-இல் அவர் வெளியிட்ட "பீ ஹியர் நௌ" என்னும் நூல் அக்காலத்து இளைஞர் கையிலெல்லாம் இருந்தது. உன்னுள் பிரபஞ்சமே குடிகொண்டிருக்கும் இடத்தை நான் வணங்குகிறேன் என்னும் கருத்தில் "நமஸ்தே"க்கு விளக்கம் தந்து அதைப் பரப்பியவர்களுள் இவர் முதன்மையானவர். வகுப்பறையில் இன்று கேட்கும் "ஒளி" விளக்கம் அதே குடும்பத்தைச் சேர்ந்தது.

இவ்விளக்கத்தைக் காந்தியடிகள் மீது ஏற்றிச் சொல்லும் ஒரு கதையும் உலவுகிறது. ஐன்ஸ்டைன் அவரிடம் "நமஸ்தே" என்றால் என்ன என்று கேட்டாராம்; காந்தியடிகள் பிரபஞ்சம் குடிகொண்ட இடத்தைப் பற்றி விடை எழுதினாராம். இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை. 1931-இல் ஐன்ஸ்டைன் ஒரு கடிதம் எழுதினார். இலண்டனில் இருந்த காந்தியடிகள் பதில் எழுதினார். இரண்டும் சில வரிகளே கொண்டவை. முன்னது அகிம்சை வழியைப் பாராட்டுகிறது. பின்னது நன்றி கூறி, இந்தியாவில் தம் ஆசிரமத்தில் சந்திக்க விரும்புகிறது. "நமஸ்தே" பற்றி ஒரு சொல்லும் இல்லை. பெரியார் இருவர் பெயரைச் சேர்த்து ஓர் அழகிய வாசகம் வந்தால், கடிதத்தை எடுத்துப் பார்த்துவிடுவது மாணவர்களுக்கு நல்லது.

அப்படியானால் அவ்விளக்கம் வெறும் கற்பனையா? அப்படியும் சொல்லிவிட முடியாது. அது "நமஸ்தே" என்னும் சொல்லில் இல்லை; ஆனால் பாகவத புராணத்தில் இருக்கிறது. அதன் மூன்றாம் கந்தத்தில் கபிலர் தம் தாய் தேவகூதிக்கு உபதேசம் செய்கிறார். இறைவனே உயிராகப் புகுந்திருக்கிறான் என்று எண்ணி எல்லா உயிர்களையும் பெருமதிப்போடு மனத்தால் வணங்க வேண்டும் என்கிறார். உயிர்களுக்குள் இருக்கும் தன்னைப் புறக்கணித்துவிட்டுச் சிலையை மட்டும் பூசிப்பவன், நெருப்பில்லாத சாம்பலில் நெய்யை ஊற்றுபவன் என்றும் அங்கே வருகிறது. பதினோராம் கந்தத்தில் கண்ணன் உத்தவருக்குச் சொல்வது இன்னும் கடுமையானது: சுற்றத்தார் சிரித்தாலும் சிரிக்கட்டும், வெட்கத்தை விட்டு, நாய், சண்டாளன், பசு, கழுதை வரை எல்லார் முன்னும் தரையில் விழுந்து வணங்கு என்கிறான். எமன் வாயிலில் விடையின்றி நின்ற கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது. எனினும் மனிதன் ஒருவனை நாய்க்கும் பசுவுக்கும் நடுவே நிறுத்தி எண்ணும் அந்தக் காலத்தின் வடுவும் அவ்வரியிலேயே இருக்கிறது. அனுமன் பக்தரிடம் கற்ற ராம் தாஸ் எடுத்துச் சென்றது இந்தப் பக்தி மரபின் கருத்து. அதைப் பழைய சொல் ஒன்றின் உறையில் இட்டுக் கொடுத்தார் எனலாம்.

இப்போது அலபாமாவுக்குத் திரும்பலாம். அங்குள்ள சட்டமியற்றியோர் அஞ்சியது வீணா? என் கருத்தைச் சொல்கிறேன். நீங்கள் வேறு விதமாகவும் எண்ணலாம். "உனக்கு வணக்கம்" என்ற நேர்ப்பொருளில் "நமஸ்தே" எந்தச் சமயத்தையும் ஒரு குழந்தைக்குள் புகுத்துவதில்லை. இந்தியாவில் பல சமயத்தாரும் நாள்தோறும் அதைச் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால், "உன்னுள் இருக்கும் தெய்வத்தை என்னுள் இருக்கும் தெய்வம் வணங்குகிறது" என்று ஆசிரியர் விளக்கத் தொடங்கியவுடன், அது பாகவதத்தின் கொள்கை ஆகிவிடுகிறது. அக்கொள்கையை ஏற்காத வீட்டுப் பிள்ளையும் அவ்வகுப்பில் இருக்கலாம். சொல்லை உயர்த்துவதாக எண்ணி அதன்மேல் ஏற்றிய விளக்கமே அதை விலக்குவதற்கும் காரணம் தேடிக் கொடுத்தது. சட்டமோ விளக்கத்தோடு சொல்லையும் சேர்த்துத் துரத்தியது. அது அவர்கள் பிழை. பிறகு மறுபுறத்தில், அதே நாட்டில் அச்சொல்லைச் சட்டையிலும் பையிலும் அச்சிட்டு, ஆங்கிலச் சிலேடையாக்கி விற்கிறார்கள். தடை விதிப்பவரையாவது அச்சொல்லுக்கு ஆற்றல் உண்டு என்று நம்பியவர் என்று சொல்லலாம்.

முதலில் குறிப்பிட்ட அந்த வகுப்பைப் பற்றி ஒன்று மிச்சம் இருக்கிறது. கற்பித்தவர் இருபத்தைந்து வயதுக்கு மேற்படாத ஓர் இளம் பெண். வகுப்பு முடிவில் அவர் எங்களை நோக்கிக் கைகூப்பியபோது, ஆசிரியர் என்ற பழக்கத்தால் என் கைகள் தாமாகவே முகத்துக்கு நேரே உயர்ந்துவிட்டன. அவர் கைகள் மார்பிலேயே இருந்தன; ஆனால் நெற்றி விரல் நுனியைத் தொடும் வரை, எங்கள் எல்லாரையும்விட அதிகமாக அவர் குனிந்தார். நான் என் கைகளைச் சற்றே இறக்கிக்கொண்டேன். பக்கத்துப் பாயில் இருந்த முதியவர் பாயைச் சுருட்டும் முன் என் பக்கம் திரும்பி, கடைசி எழுத்தை அவர்கள் பாணியில் நீட்டி, "நமஸ்தே" என்றார். நான் "வணக்கம்" என்றேன். அது என்ன சொல் என்று அவர் கேட்டார். குனிதல் என்று பொருள் என்றேன்.